காணும் பொங்கலன்று காணாமல் போன காந்தம்

ரொம்ப நாள் ஆச்சு மக்களே பதிவு போட்டு. ஆபீஸ்ல ஆணி அதிகம். ஆனா போன வாரம் மின்சார ரயில்ல நடந்த ஒரு பேச்சு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு, அதை இறக்கி வெச்சாதான் தூக்கம் வரும்.

நான் ஏறுவது கவரைப்பேட்டையில். கும்மிடிப்பூண்டியில் இருந்து வரும் வண்டியில் சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்தவர்கள் பாதிப் பேர் தூங்கிக்கொண்டு வருவார்கள். தூங்காதவர்கள் கையில் போன். சில வருஷம் முன்னாடி வரைக்கும் அதில் சினிமா ஓடும். இப்போ பச்சையும் சிவப்புமாய் ஆப்ஷன் செயின் ஓடுகிறது. பொன்னேரியில் என்கூடப் படித்த ஒரு நண்பன், இப்போ ஒரு ரோலிங் மில்லில் வேலை, போனை நீட்டி "மச்சான், இன்னிக்கு மேக்ஸ் பெயின் பாரு, அங்கதான் முடியும்"னான். அதே ஆள் 2024 ஜனவரி 17-ஆம் தேதி இதே மேக்ஸ் பெயினை நம்பி சீட்டுப் பணத்தில் கையைச் சுட்டுக்கொண்டவன். அந்த ஒரு நாளை வைத்தே இந்தக் கதையைச் சொல்லலாம்னு தோணுது. ஆனா அதுக்கு முன்னாடி கொஞ்சம் சரித்திரம்.

நம்ம ஊரில் நிஃப்டி மீதான ஆப்ஷன் வர்த்தகம் தேசிய பங்குச் சந்தையில் ஆரம்பித்தது 2001 ஜூன் 4. அடுத்த மாசம் தனித்தனிப் பங்குகள் மீதும் வந்தது. அப்போ எல்லாம் மாசத்துக்கு ஒரு எக்ஸ்பயரி, கடைசி வியாழக்கிழமை. 2016 மே மாசம் பேங்க் நிஃப்டிக்கு வாராந்திர ஆப்ஷன் வந்ததும்தான் ஆட்டம் மாறியது. மாசம் ஒரு திருவிழா என்பது போய் வாரம் ஒரு சந்தை ஆகிவிட்டது. கையில் கொஞ்சம் காசும் ஒரு போனும் இருந்தால் போதும். எக்ஸ்பயரி அன்று எங்கே முடியும் என்று ஒரே எண்ணில் ஜோசியம் சொல்ல ஏதாவது வேண்டுமே? மேக்ஸ் பெயின் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது.

கணக்கு எளிது. ஒவ்வொரு ஸ்ட்ரைக்கிலும் எத்தனை கால், எத்தனை புட் தீர்க்கப்படாமல் நிற்கிறது என்பதுதான் ஓப்பன் இண்டரஸ்ட். விலை K-யில் முடிந்தால் ஆப்ஷன் வாங்கி வைத்திருப்பவர்களுக்கு மொத்தம் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்று கூட்ட வேண்டும்:

```
pain(K) = Σ callOI(x)·max(K−x, 0) + Σ putOI(x)·max(x−K, 0)
```

இந்தத் தொகை எந்த K-யில் ரொம்பக் குறைவோ அதுதான் மேக்ஸ் பெயின். அதாவது வாங்கினவனுக்கு அதிக வலி, விற்றவனுக்கு அதிக லாபம். விற்பவர்கள் பெரிய கைகள், அவர்கள் விலையை அங்கே இழுத்து வந்துவிடுவார்கள் என்பது மீதிக் கதை.

ஒரு பொம்மைக் கணக்கு போட்டுப் பார்ப்போம் (எண்கள் நானே வைத்தவை). விலை இப்போ 1000. 900, 1000, 1100 என்று மூணு ஸ்ட்ரைக். கால் முறையே 10, 40, 60. புட் 60, 40, 10. விலை 900-ல் முடிந்தால் கொடுக்க வேண்டியது 6000. 1100-லும் 6000. 1000-ல் முடிந்தால் வெறும் 2000. ஆக மேக்ஸ் பெயின் 1000. ஆஹா, விலையும் 1000, கணக்கும் 1000!

இதில் ஆச்சரியப்பட ஒண்ணும் இல்லை. மேலே ஏறும்னு நினைக்கிறவன் இப்போதைய விலைக்கு மேலே இருக்கிற கால் வாங்குவான், ஏனென்றால் அதுதான் மலிவு. இறங்கும்னு பயப்படுறவன் கீழே இருக்கிற புட் வாங்குவான். விலையின் ரெண்டு பக்கமும் ஆட்கள் குவிந்தால் நடுவில் இருப்பது தன்னால் மேக்ஸ் பெயின் ஆகிவிடும். இப்போ விலை 900-க்கு விழுந்ததுன்னு வையுங்க. 900, 1000 கால்களில் புதுசா ஆள் சேருவார்கள். 800-ல் புது புட் முளைக்கும். பழைய 1000 புட் வைத்திருந்தவன் லாபத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவான். அப்படி கால்களை 60, 90, 60 என்றும், 800-லிருந்து புட்களை 50, 80, 20, 5 என்றும் மாற்றிப் போட்டால் மேக்ஸ் பெயின் 900-க்கு வந்து நிற்கிறது. காந்தம் இரும்பை இழுக்கவில்லை. இரும்பு எங்கே போனதோ அங்கே காந்தத்தைத் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டோம்.

எக்ஸ்பயரி அன்று மத்தியானம் ரெண்டரை மணிக்கு மேக்ஸ் பெயின் பார்த்து, மூணரைக்கு "சொன்னேன்ல"ன்னு குரூப்பில் மார்தட்டுவது இந்த வகைதான். அந்த நேரத்து ஓப்பன் இண்டரஸ்ட் அந்த நேரத்து விலையைச் சுற்றித்தான் நிற்கும். இறுதி விலையும் அதிலிருந்து ரொம்ப தூரம் போக நேரம் இல்லை.

அப்போ முழுக்கக் கட்டுக்கதையா? இல்லை, அங்கேதான் சுவாரஸ்யம். அமெரிக்காவில் 2003-ல் அவெலனெடா, லிப்கின் என்ற ரெண்டு பேர், எக்ஸ்பயரி நெருங்கும்போது பங்கின் விலை ஸ்ட்ரைக்கில் போய் ஒட்டிக்கொள்வதற்கு ஒரு கணித மாதிரி கொடுத்தார்கள். 2005-ல் நி, பியர்சன், போட்டஷ்மன் என்ற மூணு பேர் உண்மையான தரவை எடுத்துப் பார்த்தார்கள். ஆப்ஷன் உள்ள பங்குகள் எக்ஸ்பயரி அன்று ஸ்ட்ரைக் விலைக்குப் பக்கத்தில் முடிவது வழக்கத்தை விட அதிகமாக இருந்தது. ஆப்ஷன் இல்லாத பங்குகளில் அப்படி இல்லை. ஒட்டுவது நிஜம்தான்.

எவ்வளவு ஒட்டுகிறது என்பதையும் கேட்கணும் இல்லையா? அவர்கள் கணக்கில் அந்த நாளின் விலை மாற்றம் சராசரியாகக் குறைந்தபட்சம் 16.5 பேசிஸ் பாயிண்ட் திரிகிறது. நூற்றுக்கு 0.165. ஆயிரம் ரூபாய்ப் பங்கில் ஒரு ரூபாய் அறுபத்தைந்து பைசா. அதுவும் தனிப் பங்குகளில், பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு ஸ்ட்ரைக்கை நோக்கி. மேக்ஸ் பெயின் ஸ்ட்ரைக்கை நோக்கி என்று அவர்கள் சொல்லவே இல்லை. ஆராய்ச்சிக்கு இது பெரிய விஷயம். நம்ம நண்பனுக்கு இது புரோக்கரேஜுக்கே காணாது.

இனி காமா. இதுக்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேணும்.

ஆப்ஷன் வியாபாரத்தையே தொழிலாகச் செய்பவர் விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்ட விரும்புவதில்லை. கையில் இருக்கிற ஆப்ஷனுக்கு எதிராகப் பங்கோ ஃபியூச்சரோ வைத்து சமன் செய்துகொண்டே இருப்பார். விலை ஒரு புள்ளி நகர்ந்தால் ஆப்ஷன் எவ்வளவு நகரும் என்பது டெல்டா. விலை நகர நகர அந்த டெல்டாவே எவ்வளவு மாறும் என்பது காமா. காமா அதிகம் என்றால் சமன் செய்ய அடிக்கடி வாங்கவோ விற்கவோ வேண்டும்.

இப்போ 1000 ஸ்ட்ரைக் ஆப்ஷன்களை அவர் *வாங்கி* வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விலை 1010 போனால் அவருடைய டெல்டா கூடிவிடும், சமன் செய்ய விற்பார். 990 வந்தால் வாங்குவார். ஏறினால் விற்பு, இறங்கினால் வாங்கல். விலை 1000-ஐ விட்டு நகர முடியாமல் ஆணி அடித்த மாதிரி நிற்கும். (இது ஆபீஸ் ஆணி இல்லை.) இதையே அவர் *விற்று* வைத்திருந்தால் எல்லாம் தலைகீழ். ஏறினால் வாங்கியாக வேண்டும், இறங்கினால் விற்றாக வேண்டும். 1000-லிருந்து விலையைத் தள்ளிவிடுவார்.

கவனிச்சீங்களா? மேக்ஸ் பெயின் கதையில் விலையை இழுத்து வருபவர்கள் ஆப்ஷனை விற்றவர்கள். ஆனால் ஹெட்ஜ் செய்வதன் கணக்குப்படி விலையை ஒட்டவைப்பவர்கள் வாங்கி வைத்திருப்பவர்கள். விற்றுவிட்டு ஹெட்ஜ் செய்பவர் ஆணியைப் பிடுங்குகிறவர். ரெண்டையும் ஒரே வீடியோவில் "அதனாலதான் பின் ஆகும்"னு சொல்றவங்களைப் பார்த்தால் எனக்குப் புரை ஏறும். விற்றவர் விலையை இழுக்க வேண்டுமானால் ஹெட்ஜ் போதாது, வேண்டுமென்றே பங்கை வாங்கியோ விற்றோ தள்ள வேண்டும். அந்த 2005 ஆய்வும் இப்படி ரெண்டு காரணத்தைத் தனித்தனியாகத்தான் சொல்கிறது: சந்தை நடத்துபவர்களின் ஹெட்ஜ் ஒண்ணு, சொந்தக் கணக்கில் விளையாடும் நிறுவனங்கள் விலையைத் திரிப்பது இன்னொண்ணு.

சரி, டீலர்கள் வாங்கி வைத்திருக்கிறார்களா விற்று வைத்திருக்கிறார்களா என்பது எப்படித் தெரியும்? தெரியாது. ஒவ்வொரு காண்ட்ராக்டுக்கும் ஒரு வாங்கினவர், ஒரு விற்றவர் உண்டு. ஓப்பன் இண்டரஸ்ட் நூறு என்றால் அதில் பிளஸ் மைனஸ் கிடையாது. இணையத்தில் சுற்றும் காமா வரைபடங்கள் பெரும்பாலும் ஒரு யூகத்தை வைத்து ஓடுகின்றன: டீலர்கள் கால்களை வாங்கியும் புட்களை விற்றும் வைத்திருக்கிறார்கள் என்று. அமெரிக்காவில் அதற்கு ஒரு நியாயம் உண்டு. அங்கே பெரிய ஃபண்டுகள் கையில் இருக்கிற பங்குக்கு எதிராகக் கால் விற்று, பயத்துக்குப் புட் வாங்கும். எதிர்ப்பக்கம் நிற்கிற டீலருக்கு அந்த அமைப்பு தன்னால் வரும். நம்ம வாராந்திர ஆப்ஷனில் கும்மிடிப்பூண்டி ரயிலில் உட்கார்ந்திருக்கிறவர் காலையில் கால் வாங்குவார், மத்தியானம் புட் வாங்குவார். சிலர் ரெண்டையும் விற்பார்கள். அங்கே தைத்த சட்டையை இங்கே மாட்டினால் பொருந்துமா?

தேசிய பங்குச் சந்தை தினமும் சாயங்காலம் ஒரு கோப்பு வெளியிடுகிறது, வாடிக்கையாளர், உள்நாட்டு நிறுவனங்கள், வெளிநாட்டு முதலீட்டாளர்கள், புரோ என்று நாலு வகையாருக்கும் எவ்வளவு கால், எவ்வளவு புட் வாங்கியும் விற்றும் நிற்கிறது என்று. நல்ல கோப்புதான். ஆனால் எல்லா ஸ்ட்ரைக்கையும் எல்லாக் குறியீட்டையும் சேர்த்து ஒரே மொத்தம். 48,000 ஸ்ட்ரைக்கில் யார் எந்தப் பக்கம் என்று அதில் இருந்து பிரிக்க முடியாது. அதில் யார் ஹெட்ஜ் செய்கிறார், யார் சும்மா பந்தயம் கட்டுகிறார் என்பதும் இல்லை.

இப்போ ஜனவரி 17-க்கு வருவோம்.

2024-ல் அது காணும் பொங்கல், புதன்கிழமை. சந்தைக்குப் பொங்கல் எல்லாம் கிடையாது. அப்போ பேங்க் நிஃப்டி வாராந்திர எக்ஸ்பயரி புதன்கிழமைதான். மாட்டுப் பொங்கல் அன்று குறியீடு 48,125-ல் முடிந்திருந்தது. நண்பனுடைய குரூப்பில் வந்த எண் 48,000. எக்ஸ்பயரிக்கு முந்தின நாள், விலைக்குப் பக்கத்திலேயே மேக்ஸ் பெயின், காந்தம் பிடித்துக்கொள்ளும் என்று 48,000 காலையும் புட்டையும் ரெண்டு லாட் விற்றான். லாட்டுக்கு 15 வீதம் 30. ரெண்டும் சேர்ந்து வந்த பிரீமியம் சுமார் 350 புள்ளி, அதாவது பத்தாயிரத்து ஐந்நூறு ரூபாய். மார்ஜினுக்கு வைத்தது சீட்டு எடுத்த பணம்.

அன்று சந்தை மூடிய பிறகு எச்டிஎஃப்சி வங்கியின் காலாண்டு முடிவு வந்தது. பேங்க் நிஃப்டியில் அப்போ மொத்தம் பன்னிரண்டு பங்குகள், அதில் இந்த ஒரு வங்கிக்கு மட்டும் நாலில் ஒரு பங்குக்கும் மேல் எடை. மறுநாள் அந்தப் பங்கு எட்டு சதவீதத்துக்கு மேல் விழுந்தது. குறியீடு காலையில் திறந்ததே 46,574-ல். 1,550 புள்ளி பள்ளம், ஒரு வர்த்தகம் கூட நடப்பதற்கு முன்னாடி.

காந்தம் என்ன ஆச்சு? காமா என்பது ஸ்ட்ரைக்கை ஒட்டித்தான் உயிரோடு இருக்கும். எக்ஸ்பயரி நெருங்க நெருங்க அது உச்சத்தில் உயரமாகிறது, ஆனால் அகலம் சுருங்குகிறது. கூடாரம் மாதிரி இருந்தது கொடிக்கம்பம் மாதிரி ஆகிவிடும். எக்ஸ்பயரி காலையில் விலை 1,400 புள்ளி தள்ளி நிற்கும்போது 48,000 புட்டின் டெல்டா கிட்டத்தட்ட மைனஸ் ஒண்ணு, காலின் டெல்டா பூஜ்யம். இனி விலை நூறு புள்ளி ஆடினாலும் அது மாறப் போவதில்லை. அந்த ஸ்ட்ரைக்கை வைத்திருக்கிற எந்த டீலரும் எதையும் வாங்கவோ விற்கவோ அவசியமே இல்லை. இழுக்க ஆளே இல்லாத இடத்துக்கு விலை எப்படித் திரும்பி வரும்?

நண்பன் அப்போதே முடித்திருக்கலாம், முடிக்கலை. வீட்டோட பழவேற்காடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். குரூப்பில் "மேக்ஸ் பெயின் 48 ஆயிரம், ரெகவரி வரும், பயப்படாதீங்க"ன்னு செய்தி. நிஜமாவே பத்து மணி வாக்கில் குறியீடு ஏற ஆரம்பித்தது. "பாத்தியா இழுக்குது"ன்னு எனக்கே மெசேஜ் போட்டான். நானும் என்னத்தையோ பார்த்து "ஆமாடா"ன்னு ஒரு ஸ்மைலி போட்டேன். அதை நினைச்சா இப்பவும் ஒரு மாதிரியா இருக்கு.

அந்தக் காலை ஏற்றத்தைப் பற்றி ஒன்றரை வருஷம் கழித்து, 2025 ஜூலை 3-ல், செபி ஒரு இடைக்கால உத்தரவு போட்டது. ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க வர்த்தக நிறுவனத்தின் மீது. செபி உதாரணமாக எடுத்து விவரித்தது இதே ஜனவரி 17-ஐத்தான். குற்றச்சாட்டு இது: காலை 9.15-லிருந்து 11.46 வரை அந்த நிறுவனம் பேங்க் நிஃப்டி பங்குகளையும் ஃபியூச்சரையும் சுமார் 4,370 கோடிக்கு வாங்கியது. அதே நேரத்தில் ஆப்ஷனில் கால் விற்று, புட் வாங்கி, சுமார் 32,115 கோடிக்குச் சமமான இறக்கப் பந்தயம் சேர்த்தது. ஏழு மடங்குக்கும் மேல். மத்தியானத்துக்குள் வாங்கினதை எல்லாம் விற்கத் தொடங்கியது. பங்கிலும் ஃபியூச்சரிலும் 61.6 கோடி நஷ்டம், ஆப்ஷனில் 734.93 கோடி லாபம். செபி மொத்தமாக 4,843.57 கோடியை முடக்கியது. அந்த நிறுவனம் இதை மறுத்து, தாங்கள் செய்தது வழக்கமான ஆர்பிட்ரேஜ்தான் என்று சொல்லி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. ஆக இதை நிரூபிக்கப்பட்ட குற்றமாக நான் எழுதவில்லை.

ஆனால் அந்த உத்தரவில் யாரும் மறுக்க முடியாத ஒரு எண் இருக்கிறது. அன்று பேங்க் நிஃப்டி ஆப்ஷனில் நடந்த வியாபாரம், அதன் பங்குகளில் நடந்த ரொக்க வியாபாரத்தைப் போல 353 மடங்கு. நாயை வால் ஆட்டுகிற கதைதான். இப்படிப்பட்ட சந்தையில் விலையை நகர்த்துகிற ஆள் ஒருவர் இருந்தால் அவர் எந்தப் பக்கம் நகர்த்துவார் என்பதை அவருடைய சொந்த பொசிஷன் சொல்லும். எல்லாருடைய ஓப்பன் இண்டரஸ்டையும் கூட்டிக் கிடைக்கிற மேக்ஸ் பெயின் சொல்லாது. செபி சொல்வது சரி என்றே வைத்துக்கொண்டாலும், அன்றைய ஏற்றம் 48,000 காந்தத்தின் வேலை இல்லை, மேலிருந்து விழவைப்பதற்காகத் தூக்கியது. செபி சொல்வது தப்பு என்றால் அது சும்மா ஒரு மீட்சி முயற்சி. ரெண்டில் எதுவானாலும் என் நண்பன் அதற்கு வைத்த பெயர் தவறு.

அன்று பேங்க் நிஃப்டி முடிந்தது 46,064. இங்கே இன்னொரு நுணுக்கம்: அந்த முடிவு விலை 3.30-க்கு நடந்த கடைசி வர்த்தகம் இல்லை, கடைசி அரை மணி நேரம் நடந்த வர்த்தகங்களின் எடையிட்ட சராசரி. ஆகவே கடைசி நிமிஷத்தில் "இழுத்துவிடுவார்கள்" என்ற நம்பிக்கைக்கும் அங்கே இடம் குறைவு. புட் 1,936 புள்ளி உள்ளே. 30-ஆல் பெருக்கினால் 58 ஆயிரம் சொச்சம். வந்த பிரீமியம் போக சுமார் 47,500 ரூபாய் கைவிட்டுப் போனது. பழவேற்காட்டில் மணலில் உட்கார்ந்து மீன் வறுவலைத் தொடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று அவன் வீட்டம்மா பிறகு சொன்னார்கள். சீட்டுக்கு மாசாமாசம் கட்ட வேண்டியது மட்டும் நிற்கவில்லை.

அப்புறம் நிறைய மாறிவிட்டது. 2024 நவம்பரோடு பேங்க் நிஃப்டி வாராந்திர ஆப்ஷன் நிறுத்தப்பட்டது, ஒரு சந்தைக்கு ஒரு குறியீட்டில் மட்டும்தான் வாராந்திரம் என்று செபி சொன்னதால். 2025 செப்டம்பரில் நிஃப்டி எக்ஸ்பயரி செவ்வாய்க்கிழமைக்குப் போனது. குரூப்பில் மேக்ஸ் பெயின் வருவது மட்டும் மாறவில்லை, கிழமையை மாற்றிக்கொண்டு வருகிறது.

அதனால் போன வாரம் ரயிலில் அவன் போனை நீட்டியபோது ஒரு வேலை கொடுத்தேன். ஒரு நோட்டுப் புத்தகம் எடு. ஒவ்வொரு எக்ஸ்பயரிக்கும் முந்தின நாள் சாயங்கால ஓப்பன் இண்டரஸ்டை வைத்து மேக்ஸ் பெயின் எழுது, அன்றைக்கு மத்தியானம் பார்ப்பது செல்லாது. பக்கத்தில் முந்தின நாள் முடிவு விலையையும் எழுது. மறுநாள் இறுதி விலை வந்ததும், ரெண்டில் எது அதுக்குக் கிட்ட இருந்ததுன்னு டிக் போடு. மேக்ஸ் பெயினில் விஷயம் இருந்தால் அது நேற்றைய விலையைத் தோற்கடிக்க வேண்டும். "இருநூறு புள்ளிக்குள்ள வந்துச்சு"ன்னு சொல்றது கணக்கில் சேராது, நேற்றைய விலையும்தான் பல நாள் இருநூறு புள்ளிக்குள்ள வரும். ஒரு வருஷமாவது எழுதணும், அதுவரைக்கும் காசு வைக்கக் கூடாது.

"ஒரு வருஷமாடா?"ன்னான். மீஞ்சூர் தாண்டும்போது நோட்டுக்கு எவ்வளவு பக்கம் வேணும்னு கேட்டான். நாப்பது பக்க நோட்டு போதும்னு சொன்னேன்.